பூலவதி தீர்ப்பு இன்று சட்டமல்ல

"2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இல்லையென்றால் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது."

தவறு. அந்தத் தேதி, மகளுக்கும் மகனைப் போலப் பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த நாள். அப்படிச் சொன்னது 2015-இல் இரு நீதிபதிகள் அளித்த பிரகாஷ் எதிர் பூலவதி தீர்ப்பு. 2018-இல் தனம்மா வழக்கில் இன்னோர் இரு நீதிபதி அமர்வு அதை ஆதரவாக மேற்கோள் காட்டிவிட்டு, 2001-இலேயே தந்தையை இழந்த மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. பூலவதி தீர்ப்பு பின்னர் "பின்பற்றப்பட்டது" என்ற குறிப்பை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். முரண்பாடு மூன்று நீதிபதிகளிடம் போனது. 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில், பூலவதி தீர்ப்பை அவர்கள் வெளிப்படையாகவே தள்ளினார்கள்: உரிமை பிறப்பால் வருகிறது, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. ஆனால் திருத்த மசோதா அறிமுகமான 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் கலையாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இந்த மூன்றாவது தீர்ப்பைப் படியுங்கள்.