கடைசி டிராப் யாருக்கு?

ஒரு கம்பெனி பெண்களுக்குப் பாதுகாப்பானதா என்று கேட்டால் ஹெச்.ஆர். ஒரு பாலிசி பிடிஎஃப்பை அனுப்பி வைப்பார்கள். அதில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். யாரும் தவறாக எழுதி வைப்பதில்லை. நான் அதைக் கடைசியில்தான் படிக்கச் சொல்வேன். முதலில் ஒரே ஒரு இரவைப் பின்தொடர்ந்து பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடியும் ஷிஃப்ட். சிஸ்டத்தை மூடிவிட்டு எழுந்தவள் தன் வீட்டுக் கதவைத் தாழ் போடும்வரை எங்கெங்கே தனியாக விடப்படுகிறாள்? அந்த இடங்களில்தான் கம்பெனியின் யோக்கியதை தெரியும்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு கேப் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர். துரைப்பாக்கத்தில் ஒரு பெண், வேளச்சேரியில் ஒரு பெண், கிண்டியில் ஓர் ஆண், போரூரில் ஒரு பெண். ரோஸ்டர் மென்பொருள் தூரத்தைப் பார்த்துத்தான் வரிசை போடும். அதன்படி கிண்டியில் அந்த ஆண் இறங்கியதும், போரூர்வரை டிரைவரும் அந்தப் பெண்ணும் மட்டும். ‘முதல் பிக்கப்பும் கடைசி டிராப்பும் பெண்ணாக இருக்கக் கூடாது’ என்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனி பாலிசியிலும் இருக்கிறது. அதை நிறைவேற்ற இரண்டே வழி. கிண்டிக்காரர் போரூர்வரை போய்விட்டுத் திரும்ப வர வேண்டும். அவருக்கும் பிடிக்காது, கூடுதல் கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கக் கம்பெனிக்கும் பிடிக்காது. இல்லையென்றால் பாதுகாப்புக்காகக் கூடவே போகும் எஸ்கார்ட் ஏற வேண்டும். எஸ்கார்ட் ஏறினால் ஒரு சீட் போச்சு, நான்கு பேர் போகும் வண்டியில் மூன்று பேர்தான் போக முடியும். பாலிசி காகிதத்தோடு நின்றுபோவதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை, இந்த ஒரு சீட்தான்.

அதனால் என்ன நடக்கிறது? இரண்டு வண்டிக்கு ஒரே எஸ்கார்ட் பெயரை எழுதுவார்கள். அல்லது எஸ்கார்ட்டின் வீடு வழியில் இருக்கும், பாதியிலேயே இறங்கிக்கொள்வார். டிரிப் ஷீட்டில் கையெழுத்து மட்டும் முழுசாக இருக்கும். ஆகவே ‘எஸ்கார்ட் உண்டா?’ என்று கேட்டுப் பயனில்லை, ‘உண்டு’ என்றுதான் சொல்வார்கள். ‘கடைசிப் பெண்ணை இறக்கிவிட்ட பிறகு எஸ்கார்ட் எப்படித் திரும்புகிறார்?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே நடத்துகிறவர்கள் ‘அதே கேப்பில் ஆபீசுக்குத் திரும்புவார்’ என்று உடனே சொல்வார்கள். நடத்தாதவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும்.

அடுத்தது, வீடு சேர்ந்ததை யார் உறுதி செய்வது? டிரைவர் தன் செல்போனில் ‘டிரிப் முடிந்தது’ என்று அழுத்துவது உறுதிப்படுத்தல் ஆகாது. யாரிடமிருந்து பாதுகாப்பு தேவையோ அவரிடமே சான்று வாங்குகிற வேலை அது. உறுதி அந்தப் பெண்ணின் போனிலிருந்து வர வேண்டும். வரவில்லை என்றால் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் எத்தனை நிமிஷத்தில் கூப்பிடும், அவள் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடும் என்று கேளுங்கள். பதில் நிமிஷக் கணக்கில் வர வேண்டும். வண்டி கடைசி நேரத்தில் மாறி, மெசேஜில் வந்த நம்பரும் வாசலில் நிற்கும் வண்டி நம்பரும் வேறாக இருந்தால் ஏறாமல் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டா, அப்படி நின்றால் மாற்று வண்டி வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டிகளை ஒப்பந்தத்தில் தரும் வெண்டர் திடீரென்று அனுப்பும் மாற்று கேப்பில்தான் டிரைவரின் சரிபார்ப்பு பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை லாக்அவுட்டுக்கும் கேப்புக்கும் நடுவில் இருக்கிறது. கேப் 11.15-க்கு. கஸ்டமர் கால் 11.40 வரை இழுத்துவிட்டது. அடுத்த கேப் 1 மணிக்கு. முக்கால்வாசிப் பேர் காத்திருக்க மாட்டார்கள், பைக் டாக்சி போட்டுக் கிளம்பிவிடுவார்கள். கம்பெனி பதிவேட்டில் அது ‘ஊழியர் கேப் வசதியைப் பயன்படுத்தவில்லை’ என்று ஏறும். சில இடங்களில் ‘சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பார்கள். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடித்து அலுவலகத்திலிருந்து நடந்து வந்த மென்பொருள் ஊழியர் கொல்லப்பட்டது ஓஎம்ஆரில் வேலை செய்கிறவர்களுக்கு மறந்திருக்காது. கேட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தூரம் யார் பொறுப்பு என்பதுதான் அப்போதும் கேள்வி. கஸ்டமர் கால் நீண்டால் தனி கேப் உண்டா, அதற்கு யார் ஒப்புதல், அந்த ஒப்புதலை ராத்திரி 11.40-க்கு யார் போன் எடுத்துத் தருவார்? மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த வசதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேப் எத்தனை மணியிலிருந்து தருவார்கள் என்ற கேள்வியும் உண்டு. தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் திறந்திருக்கக் கடைகளையும் நிறுவனங்களையும் அனுமதித்த 2019 அரசாணை, இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பெண்ணை வேலை செய்ய வைக்க அவளுடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்றது. ஷிஃப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடும், அப்படி ஏற்பாடு இருக்கிறது என்ற அறிவிப்பு முக்கிய வாசலிலும் இருக்க வேண்டும் என்றது. இன்டர்வியூவுக்குப் போகும்போதே வாசலில் அந்த அறிவிப்பைத் தேடலாம், செலவில்லாத சோதனை.

சம்மதம் என்கிற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஆஃபர் லெட்டரின் ஆறாம் பக்கத்தில் ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்த ஷிஃப்டிலும் பணிபுரிய ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தனித் தாள், தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்ற விவரம், திரும்பப் பெற என்ன வழி என்பதெல்லாம் இருந்தால்தான் சம்மதம். ‘அடுத்த மாசம் நைட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு ‘அப்போ வேற ப்ராஜெக்ட் பார்க்கணும்’ என்று பதில் வந்தால் விஷயம் புரிந்துவிடும். தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றபோது, சும்மா கதவைத் திறந்துவிடவில்லை. வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்ப விட வேண்டும், ஒரு குழுவில் பத்துப் பெண்களுக்குக் குறையக் கூடாது, மேற்பார்வையாளர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கு மாறும்போது 12 மணி நேர இடைவெளி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்தது. ஐ.டி. அலுவலகத்தை அளக்கவும் இந்த அளவுகோல் போதும். ‘ராத்திரி 2 மணிக்கு ஃப்ளோரில் எத்தனை பெண்கள், அவர்களில் ஷிஃப்ட் லீட் எத்தனை பேர்?’ என்று எண்ணிக்கையைக் கேளுங்கள்.

இனி பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கமிட்டி. கேப்பில் டிரைவர் தவறாக நடந்துகொண்டால் ‘அவர் வெண்டர் ஆள், நம்ம ஊழியர் இல்லை’ என்று கைகழுவுவது வழக்கம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 சட்டம், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. தவறு செய்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், பெண் விரும்பினால் குற்றவியல் நடவடிக்கையைத் தொடங்கச் செய்வது நிறுவனத்தின் கடமை என்றும் சொல்கிறது. ஆகவே உள்ளகப் புகார்க் குழு கேப்பையும் பார்க்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழு கட்டாயம். அதன் அமைப்பாணை சுவரில் இருக்க வேண்டும். போஸ்டரில் உள்ள ஓவியத்தை விட்டுவிட்டு அந்த ஆணையைப் படியுங்கள். முதலில் தேதி, ஏனென்றால் உறுப்பினர்களின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. காலாவதியான குழுக்கள் நிறைய உண்டு. பிறகு ஊர். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு வேண்டும். சென்னை அலுவலகத்தில் பெங்களூரு குழுவின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தால் அது சட்டப்படியான குழு இல்லை. மூன்றாவது, வெளியிலிருந்து வரும் உறுப்பினர். பெண்கள் நலனுக்கான அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயத்தில் பழக்கமுள்ளவராகவோ அவர் இருக்க வேண்டும். கம்பெனியின் மற்ற வழக்குகளையும் பார்க்கும் வக்கீலையே அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தால், பெயர்தான் வெளி, ஆள் உள்ளேதான்.

குழு ஒழுங்காக இருந்தாலும் எவ்வளவு நாள் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 10 சம்பவம் என்றால் ஏப்ரல் 10-க்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். காரணம் காட்டினால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் வேலை. விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், அதன்மேல் நிறுவனம் நடவடிக்கை எடுக்க 60 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 160 நாள், அதாவது ஐந்து மாதத்துக்கு மேல். அந்த ஐந்து மாதமும் அவள் அதே டீமில், அதே மேனேஜரின் கீழ், அதே கேப்பில் போக வேண்டுமா?

இதற்குத்தான் இடைக்கால நிவாரணம். அவள் எழுதிக் கேட்டால் யாராவது ஒருவரை இடம் மாற்றவோ, அவளுக்கு உள்ள விடுப்பைத் தவிர மூன்று மாதம்வரை கூடுதல் விடுப்புத் தரவோ, புகாருக்கு ஆளானவர் அவளுடைய வேலையை மதிப்பிட்டு எழுதாமல் தடுக்கவோ குழு பரிந்துரைக்கலாம். நடைமுறையில் இடம் மாறுவது பெரும்பாலும் புகார் கொடுத்தவள்தான். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று நைட் ஷிஃப்டிலிருந்து எடுப்பார்கள், அதோடு நைட் அலவன்சும் போய்விடும். சமரசம் என்று பேச்சு வந்தால், அதை அவள்தான் கேட்க முடியும், பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்திலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

பெரிய கம்பெனி என்றால் ஆண்டறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். பல்லாயிரம் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் வருஷா வருஷம் பூஜ்ஜியம் என்றிருந்தால் அதைப் பெருமையாகப் படிக்காதீர்கள். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பத்துப் புகார் வந்து, ஒன்பது முடிந்து, ஒன்று நிலுவையில் இருக்கும் கம்பெனியை நான் அதைவிட அதிகம் நம்புவேன்.

இத்தனையும் கேட்டால் வேலை தருவார்களா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். எல்லாவற்றையும் இன்டர்வியூ டேபிளில் கேட்க வேண்டாம். ஆஃபர் கையில் வந்த பிறகு, சேரும் முன், மெயிலில் நான்கு வரி போதும்: என் முகவரிக்குக் கடைசி டிராப் வரிசை என்ன, லாக்அவுட் தாமதமானால் என்ன வண்டி, இரவுச் சம்மதத் தாளின் நகல், குழு அமைப்பாணையின் நகல். நான்காவது கேள்விக்கு மட்டும் ‘சேர்ந்த பிறகு இன்ட்ராநெட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அங்கே இப்போது வேலை செய்யும் ஏதாவது ஒரு பெண்ணிடம் குழுத் தலைவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.