நெல்லுக்கு 2,500 ரூபாய்: தராசில் ஏறினால்தான் விலை

"நெல் ஆதார விலை 69 ரூபாய் உயர்வு" என்று செய்தி வந்தது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசு ஊக்கத்தொகையாக 131 ரூபாய் சேர்க்க, 2,500 ஆனது. 40 கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். அந்த 69 ரூபாய் உயர்வை மூட்டைக் கணக்கில் பார்த்தால் 27 ரூபாய் 60 காசு; தலைப்பில் அது வராது!

இந்த ஆயிரம் யாருக்கு உறுதி? கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் நாளில், சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக வைத்திருந்து, தர அளவுக்குள் அடங்கும் நெல்லைத் தராசில் ஏற்றியவருக்கு மட்டும். ஆதார விலை, அரசு வாங்கினால் தரும் விலை. தனியார் வியாபாரி அதற்குக் கீழே கேட்டால் சட்டமீறல் கிடையாது, ஏனென்றால் ஆதார விலைக்கென்று சட்டமே இல்லை. பல பேர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தர அளவில் அதிகம் தடுக்கி விழுவது ஈரப்பதத்தில். உச்சவரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் சில சமயம் தளர்வு வரும்; ஆனால் ஆணை கைக்கு வரும் வரை நெல் களத்தில் கிடக்கும், அதற்குள் முளைவிட்டால் அது வேறு குறையாகிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். அறுவடை இயந்திரத்திலிருந்து 21 சதவீத ஈரத்தோடு 4,000 கிலோ இறங்குகிறது. அதில் 79 சதவீதம், அதாவது 3,160 கிலோதான் உலர் எடை. 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 3,160-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 3,807 கிலோ. 193 கிலோ, ஏறக்குறைய ஐந்து மூட்டை, ஆவியாகிப் போகிறது. கையில் வருவது ஒரு லட்சம் இல்லை, சுமார் 95,180 ரூபாய்.

அதே ஈர நெல்லை வயலிலேயே குவிண்டால் 2,380-க்குக் கேட்கும் வியாபாரி, உண்மையில் 2,500-க்குச் சமமான விலைதான் சொல்கிறார். காயவைக்கும் கூலி, வண்டி வாடகை, தார்ப்பாயோடு காத்திருக்கும் நாள்கள் இதையெல்லாம் கழித்தால் சமவிலை இன்னும் கீழே இறங்கும். 2,100 என்று கேட்டால் மட்டும் யோசிக்க வேண்டும்: 84,000 ரூபாய். வித்தியாசம் 11,180. களமும் வெயிலும் இருந்தால் காயவைப்பது லாபம். வானம் கறுத்திருந்தால் நான் விற்கச் சொல்வேன்.

நெல்லுக்காவது நிலையம் இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு அதே ஆண்டில் 2,400 ரூபாய் அறிவித்தார்கள். பக்கத்தில் யார் அந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வாங்கும் தராசு இல்லாத பயிருக்கு அந்த எண், வியாபாரியிடம் பேரம் பேச ஒரு பிடி, அவ்வளவுதான்.