கிட்னி டிரேயில் இருந்த கத்தி

போரில் மருத்துவமனையையும் நிருபரையும் குறி வைப்பது தவறு என்று நேற்று எழுதிய என் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. "தீவிரவாதிக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி மேல குண்டு விழுந்தா அதுல என்ன தப்பு?" என்று ஒரு தம்பி கேட்டார். அதற்கு 37 லைக். அதில் நாலு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், ஒருவர் எங்கள் கொருக்குப்பேட்டைக்காரரே.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அடிபட்டவன் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் அவனுக்கு வைத்தியம் பார்ப்பது குற்றமில்லை. போர்ச் சட்டத்திலும் இல்லை. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 19ஆவது பிரிவு. வைத்தியத்தை விட்டுவிட்டு எதிரியைத் தாக்கும் வேலைக்கு மருத்துவமனையைப் பயன்படுத்தினால் மட்டுமே அதன் பாதுகாப்பு போகும். கூரையில் துப்பாக்கி வைத்துச் சுடுவது அப்படி ஒன்று. அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், முடிந்த இடத்தில் எல்லாம் நியாயமான கெடு தர வேண்டும். காயம்பட்ட வீரர்கள் உள்ளே படுத்திருப்பதும், அவர்களிடமிருந்து எடுத்து இன்னும் ஒப்படைக்காத சின்ன ஆயுதங்கள் அங்கே இருப்பதும் அந்தக் கணக்கில் வராது என்று அதே பிரிவு சொல்கிறது. உள்நாட்டுப் போரிலும், கையெழுத்துப் போடாதவரையும் கட்டுப்படுத்தும் வழக்காறாக இதுதான் விதி.

அந்த ஆயுத வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் 26 வருஷம் நர்ஸ், பாதிக்கு மேல் கேஷுவல்டியில். ஒரு ராத்திரி இரண்டு கோஷ்டி மோதி, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தார்கள். ஒருவன் இடுப்பில் இருந்த கத்தியை நான்தான் எடுத்தேன். அவுட்போஸ்ட் ஏட்டு வரும்வரை அது கருவிகள் வைக்கும் கிட்னி டிரேயில் இருந்தது. வாசலில் இன்னொரு கோஷ்டி, "சிஸ்டர், அவனுக்குத் தையல் போட்டீங்க, நீங்க வீட்டுக்குப் போக மாட்டீங்க" என்றது. டாக்டர் விபத்துப் பதிவேட்டை எழுதிக்கொண்டே இருந்தார், நான் தையல் செட்டைப் பிரித்தேன். அந்தக் கத்தி இருந்ததால் எங்கள் வார்டு ரவுடிக் கூடாரம் ஆகிவிட்டதா தம்பி?

இப்போது குண்டூஸ். ஆப்கானிஸ்தானில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனை. தன் இருப்பிடத்தின் ஜி.பி.எஸ். எண்களை எல்லாத் தரப்புக்கும் கொடுத்திருந்தது, கடைசியாக 2015 செப்டம்பர் 29 அன்று. நாலே நாள் கழித்து, அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்காவின் ஏ.சி.-130 விமானம் அதைச் சுட்டது. இறந்தவர்கள் 42 பேர், அதில் 14 பேர் ஊழியர்கள். உள்ளே தலிபான் காயக்காரர்கள் இருந்தார்கள், அரசுப் படைக்காரர்களும் இருந்தார்கள், பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். எச்சரிக்கை வரவில்லை.

"அது தவறுதலாக நடந்தது" என்பார்கள். ஆமாம், அமெரிக்க ராணுவ அறிக்கையும் அதைத்தான் சொன்னது. குறி வைத்தது சுமார் 400 மீட்டர் தள்ளி இருந்த வேறு கட்டடம். விமானம் முன்கூட்டியே கிளம்பியதால் தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் ஏறவில்லை. கருவி வெட்டவெளியைக் காட்டியதும், கண்ணுக்குத் தெரிந்த பெரிய கட்டடத்தை இலக்கு என்று முடிவு செய்தார்கள். 16 பேர் மீது துறை நடவடிக்கை, கிரிமினல் வழக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வார்டில் நோயாளி மாறி ரத்தம் ஏற்றியிருந்தால் "தவறுதலாக" என்று சொல்லித் தப்ப விடுவீர்களா? ஊரே வாசலில் நின்றிருக்கும்.

அப்புறம் நிருபர் விஷயத்தில் இன்னொருவர். "டாக்டரை விடுங்க, அந்த ரிப்போர்ட்டர் அவங்க ஆளு." நிருபருக்குச் செஞ்சிலுவை போல சட்டச் சின்னம் கிடையாது. பிரஸ் என்று எழுதிய சட்டை தனி உரிமை தராது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977ஆம் ஆண்டு சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவு அவரைப் பொதுமக்களில் ஒருவராகவே பார்க்கிறது. துப்பாக்கி எடுத்தாலோ, குண்டு போட இடம் காட்டினாலோ அந்தப் பாதுகாப்பு போகும். உங்களுக்குப் பிடிக்காததை எழுதினால் போகாது. படையோடு போகிறவர் அந்தப் படை மீது விழும் குண்டில் சாகலாம், அந்த ஆபத்து உண்மை. அவரையே குறி வைப்பது வேறு.

"இந்தியா அந்த நெறிமுறையில் சேரவே இல்லையே" என்று சட்டம் படித்த நண்பர் மடக்கினார். சேரவில்லைதான். ஆனால் நிருபரைத் தாக்கக் கூடாது என்பது வழக்காறாகவும் இருக்கிறது. மேலும், கையெழுத்துப் போடாவிட்டால் சுடலாம் என்பது என்ன வாதம் சார்? வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டி ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்கள் மேல் எனக்கும்தான் எரிச்சல். அதற்காக?

நான் ஒரு பக்கம் பேசுகிறேன் என்கிறார்கள். பேசட்டும். என்னைச் சுட்டது அந்த 37 லைக்கில் ஒன்று. அவர் அண்ணன் அன்றைக்கு எங்கள் கேஷுவல்டியில், அந்தக் கத்திக்காரனுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தார். இருவருக்கும் நான்தான் ட்ரிப் போட்டேன். யாருக்கு முதலில் என்று அவர் கேட்டால் சொல்கிறேன், ரத்தம் அதிகம் போனவனுக்கு.