சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தால் போதாது, பின்னின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்

"சார்ஜ் ஏறுதுல்ல, அப்புறம் என்ன?"

குமுளியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் வருகிறவர்களும் கேட்கிறார்கள், இங்கேயே லயத்தில் குடியிருப்பவர்களும் கேட்கிறார்கள். கேபிளின் கழுத்து மடங்கி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கம்பியும் சிவப்புக் கம்பியும் வெளியே தெரியும். இதைத் தூக்கிப் போடுங்கள் என்றால், ஏறுகிற கேபிளை ஏன் போடவேண்டும் என்பார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சார்ஜ் ஏறுகிறது என்பது கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியே இல்லை. கெட்டுப்போன கேபிள் கடைசி இழை அறும்வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அது அதிகமாகச் சுடும்.

கேபிளுக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பியும் முடி போன்ற பல செம்பு இழைகளை முறுக்கிச் செய்தது. போனைப் பிடித்துக்கொண்டு படுத்தபடி பேசும்போது, வயிற்றில் போனை நிறுத்திப் படம் பார்க்கும்போது, கேபிள் மடங்குவது எப்போதும் பின்னை ஒட்டிய கழுத்தில்தான். அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறும். மிச்சமிருக்கும் இழைகள் வழியாக அதே கரண்ட் போயாகவேண்டும். வழி குறுகக் குறுக அந்த இடத்தில் தடை கூடுகிறது, தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கிறது. மடங்கிய இடத்தில் தடை அரை ஓம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஓடினால் அங்கே 2 வாட் சூடு. 3 ஆம்பியர் ஓடினால் நாலரை வாட். கரண்ட் ஒன்றரை மடங்கு கூடினால் சூடு இரண்டேகால் மடங்கு கூடுகிறது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இவ்வளவு சூடு அடைந்து கிடப்பது சின்ன விஷயம் இல்லை.

"வீட்டில் ட்ரிப் ஆகிற பிரேக்கர் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று தைரியமாகச் சொல்கிறவர்களும் உண்டு. மீட்டர் பெட்டிப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கர், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும். பூமிக்குக் கசிவைப் பார்க்கிற கருவி, கரண்ட் வேறு வழியில் கசிந்தால் விழும். கேபிள் கழுத்தில் நடப்பது இரண்டும் இல்லை. கரண்ட் போகவேண்டிய வழியில்தான் போகிறது, அளவும் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்திருக்கும். அதனால் பிரேக்கருக்கும் தெரியாது, அடாப்டருக்கும் தெரியாது. தெரியக்கூடியது உங்கள் விரலுக்கு மட்டும்தான்.

போன மழையில் வண்டன்மேட்டுப் பக்கத்து லயத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் ஒரே கேபிள், மூன்று போன். "தம்பி, மகளோட போன் ராத்திரி முழுக்கப் போட்டாலும் பாதிதான் ஏறுது. பேட்டரி போயிருச்சுன்னு நினைக்கிறேன், மாத்திக் குடு" என்றார். கேபிளையும் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கினேன். கழுத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

கடையில் வோல்டேஜும் கரண்டும் காட்டுகிற சின்ன யுஎஸ்பி மீட்டர் வைத்திருக்கிறேன். அடாப்டர் பக்கம் செருகிப் பார்த்தால் 5.1 வோல்ட், 1.9 ஆம்பியர். அதையே போன் பக்கத்து நுனியில் வைத்துப் பார்த்தால் 4.4 வோல்ட். நடுவில் 0.7 வோல்ட் தொலைந்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய 1.3 வாட் கேபிளிலேயே சூடாகப் போகிறது. அதே அடாப்டரில் என் கடைக் கேபிளைப் போட்டபோது அந்த நுனியில் 4.8 வோல்ட் இருந்தது, 2 ஆம்பியர் ஓடியது. அதிலும் 0.6 வாட் போகிறதுதான், ஆனால் அது ஒரு மீட்டர் நீளத்துக்கும் பரவிப் போகிறது. அக்காவின் கேபிளில் கூடுதலாகப் போனதெல்லாம் டேப்புக்கு அடியில் அரை அங்குலத்தில் குவிந்திருந்தது. கழுத்தை லேசாக அசைத்ததும் மீட்டரில் ஆம்பியர் குதித்துக் குதித்து விழுந்தது.

அவரைக் கேட்டுக்கொண்டு டேப்பை உரித்துத் தோலைக் கீறிக் காட்டினேன். சிவப்புக் கம்பியின் மேலுறை அந்த இடத்தில் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, தொட்டால் பொடிந்தது. உள்ளே இழைகள் பெரும்பாலும் அறுந்து, நுனி கறுத்து நின்றன. நாலைந்து மட்டும் தாங்கிக்கொண்டிருந்தன. டேப்பை எடுக்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. டேப் சுற்றுவதில் எனக்கு இருக்கும் கோபமே இதுதான். உள்ளே அறுந்த இழையை அது சேர்ப்பதில்லை. சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது, நிறம் மாறுவதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. உறை இளகியபின் சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஷார்ட்தான்.

பேட்டரிமேல் பழி விழுந்ததற்கும் காரணம் இருக்கிறது. தன்னிடம் வந்துசேரும் வோல்டேஜ் சரிந்தால், இன்றைய போன்கள் பெரும்பாலும் தாம் இழுக்கும் கரண்டைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதனால் சார்ஜ் மெதுவாக ஏறும், நாம் போனைச் சந்தேகிப்போம். வேக சார்ஜரில் இந்தத் தடயமும் கிடைக்காது. அங்கே 9 வோல்ட் போகிறது என்றால், அதில் முக்கால் வோல்ட் தொலைந்தாலும் போன் கண்டுகொள்ளாது. சார்ஜ் வேகமாகவே ஏறும், கழுத்தும் அதுபாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும். வேக சார்ஜர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பின்னின் வாய். சி டைப் பின்னை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள், போன் டார்ச்சே போதும். மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் தகடுகள், முழுதாக இருந்தால் வரிசைக்குப் பன்னிரண்டு. சார்ஜிங் கேபிள்களில் நடுவில் சில தகடுகள் இல்லாமலும் இருக்கும், அந்தக் காலி இடங்களையும் சேர்த்தே எண்ணுங்கள். எந்த ஓரத்திலிருந்து எண்ணினாலும் நாலாவது இடம்தான் பிளஸ். கருகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஈரம் பட்டால் பிளஸ்ஸுக்கும் பக்கத்துத் தகடுக்கும் இடையில் சின்னதாக மின் அரிப்பு நடந்து, மேலிருக்கும் தங்கப் பூச்சு போய், தகடு கறுக்கும் அல்லது பச்சை பூக்கும். நம் பக்கத்தில் இதற்குக் கேட்கவே வேண்டாம். காய் எடுக்கிற பருவத்தில் சாரல் ஓய்வதில்லை. நனைந்த துணியோடு பாலிதீன் கவரில் சுற்றி நாள் முழுக்க மடியில் இருந்த போனை, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சார்ஜில் செருகுகிறோம். ஈரம் இருப்பதாகப் போன் எச்சரித்தால், அதை மீறிச் செருகாதீர்கள். வாயைக் கீழே பார்த்துத் தட்டி, காற்றாட வைத்துவிடுங்கள்.

கருகிய பின்னில் இன்னொரு ஆபத்து, அது ஒட்டிக்கொள்ளும். கரடுமுரடான தகடு போனின் ஜாக்குக்குள் இருக்கும் தகட்டையும் சுரண்டுகிறது. சூட்டில் பின்னின் தகடுகள் பிடிப்பை இழக்கின்றன, தொடுகை இன்னும் மோசமாகிறது. பிறகு அந்த ஜாக்கில் புதுக் கேபிளைச் செருகினால் புதுக் கேபிளின் பின்னும் கருகத் தொடங்கும். அந்த அக்கா வீட்டில் நடந்தது இதுதான். மகளின் போனில் ஜாக்கின் தகடு ஒரு புள்ளியாகக் கருகியிருந்தது, ஜாக்கையே மாற்றவேண்டி வந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. மற்ற இரண்டு போனும் சுத்தம் செய்ததோடு தப்பித்தன. ஒரு கேபிளை வீட்டுக்கே பொதுவாக வைத்திருப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் தொட்டுப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். போனில் சார்ஜ் இருபது, முப்பது சதவீதம் இருக்கும்போது செய்யுங்கள். அப்போதுதான் கரண்ட் அதிகமாக ஓடும். தொண்ணூறைத் தாண்டியபின் தொட்டுப் பார்த்தால் எந்தக் கேபிளும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். செருகிக் கால் மணி நேரம் கழித்து அடாப்டர், கேபிளின் நடுப்பகுதி, கழுத்து, பின், போனின் முதுகு என்று வரிசையாகத் தொடுங்கள். கம்பி வெளியே தெரிகிற கேபிளில் இந்தச் சோதனையே வேண்டாம், அது நேராகக் கழிவுக்கு. அடாப்டரும் போனின் முதுகும் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. வேக சார்ஜில் பின் லேசாகச் சூடாவதும் இயல்பு. ஆனால் கழுத்தோ பின்னோ மற்ற இரண்டையும்விடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை. விரலை வைத்துக்கொண்டிருக்க முடியாத அளவு சுட்டால், அடாப்டரைச் சுவிட்சில் அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், மறுபடி செருகவேண்டாம்.

கேபிளா, ஜாக்கா என்று சந்தேகம் வந்தால், நல்லதென்று தெரிந்த இன்னொரு கேபிளைப் போட்டு அதே கால் மணி நேரம் பாருங்கள். சூடு போய்விட்டால் பழைய கேபிள்தான் காரணம். அங்கேயே சுட்டால் ஜாக்கில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம். பஞ்சு எடுத்தபின்னும் பின் லொடலொடவென்று ஆடினால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மலைக் குளிரில் போனைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டே சார்ஜ் போட்டுத் தூங்குகிற பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கழுத்தில் பிறக்கிற சூடு காற்றில் போனால்தான் அது ஓரளவுக்குள் நிற்கும். கம்பளிக்குள் போக வழியில்லை. பழுதான கேபிளும் கம்பளியும் சேர்வதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயம். பிள்ளைகள் தூங்கும் இடத்தில் தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள்.

புதிதாக வாங்கும்போது விலையைவிட ஆம்பியரைப் பாருங்கள். சி டைப் இரண்டு பக்கமும் உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரைக்குமானது. 5 ஆம்பியர் என்றால் பின்னுக்குள் அதற்கான சிப் இருக்கவேண்டும். சில வேக சார்ஜர்கள் தங்கள் சொந்தக் கேபிளையே எதிர்பார்க்கும், அவற்றுக்கு அடாப்டரோடு வந்த அதே வகையைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் போட்டபடி போன் பார்த்தே தீரவேண்டும் என்றால் எல் வடிவப் பின் வாங்கினால் கழுத்து அவ்வளவு மடங்காது.

பழையதைக் கழற்றி, எதிலும் செருகாத நிலையில் கத்தரியால் இரண்டு இடத்தில் வெட்டுங்கள். முழுதாக அலமாரியில் போட்டால் அவசரத்துக்கு யாராவது எடுத்துச் செருகுவார்கள், குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் போவார்கள். வெட்டிய துண்டுகளைத் தனிக் கவரில் வைத்திருந்து, கேரளப் பக்கம் இருப்பவர்கள் ஹரித கர்ம சேனைக்காரர்கள் மின்கழிவு எடுக்க வரும்போது கொடுத்துவிடுங்கள். கம்பம், கூடலூர்க்காரர்கள் கடைக்கு வரும்போது கொண்டுவாருங்கள், நான் சேர்த்து வைத்து அனுப்பிவிடுகிறேன்.