கிளிக் விழவில்லை என்றால் தேடல் தோற்றுவிட்டதா?

சேலம் மாவட்டச் செய்திகளைத் தரும் ஒரு இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். ஆடி பிறந்தால் அதன் தேடல் கட்டத்தில் ‘மேட்டூர் அணை நீர்மட்டம்’ என்று தட்டுகிறவர்கள் கூடிவிடுவார்கள். நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு மூன்றையும் முடிவுகளுக்கு மேலேயே ஒரு பெட்டியில் போட்டுக்கொடுத்தால் கிளிக் மளமளவென்று சரியும். மாதக் கணக்கு பார்க்கும்போது ‘தேடல் படுத்துவிட்டது’ என்று யாராவது சொல்வார்கள். அது அவசரத் தீர்ப்பு. பதில் கிடைத்த திருப்தியில் கிளிக் செய்யாமல் போவதற்கு ‘குட் அபாண்டன்மென்ட்’, அதாவது நல்ல கைவிடல் என்று பெயர். கூகுள் ஆய்வாளர்கள் 2009இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

கிளிக் இருந்தால், திறந்த பக்கத்தில் 30 நொடியாவது தங்கினாரா என்று பார்ப்பது பழைய வழக்கம். இதுதான் ட்வெல் டைம். கிளிக்கே இல்லாதபோது அந்த அளவுகோல் கிடையாது. பெட்டி எவ்வளவு நேரம் திரையில் தெரிந்தது, அதைத் தாண்டிக் கீழே தள்ளிப் பார்த்தாரா, அடுத்து என்ன தேடினார் என்ற மூன்றையும்தான் பதிவு செய்ய வேண்டும். பெட்டி கண்ணில் பட்டதை உலாவியின் `IntersectionObserver` சொல்லும். தேடியவர் நடுவில் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டால் கடிகாரம் சும்மா ஓடும்; `visibilitychange` நிகழ்வு வந்ததும் அதை நிறுத்திவிடுங்கள். நேரம் கூடினால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஒரே ஒரு எண்ணைப் படிக்க 40 நொடி ஆனால் பெட்டியின் அமைப்பில்தான் கோளாறு.

என்னைக் கேட்டால், மூன்றில் அதிகம் பேசுவது அடுத்த தேடல்தான். ஒரு நிமிடத்துக்குள் ‘மேட்டூர் டேம் இன்று எத்தனை அடி’ என்று மாற்றித் தட்டினால், பெட்டியைப் பார்க்கவில்லை அல்லது நம்பவில்லை. ‘ஒகேனக்கல் பரிசல்’ என்று போனால் வேலை முடிந்து நகர்ந்துவிட்டார். ‘மேட்டூர் அணை வரலாறு’ என்று போனாலும் அப்படித்தான். ஆனால் இரண்டு தேடல்களிலும் பொதுவாக உள்ள சொற்களை மட்டும் எண்ணும் நிரல் அதையும் தோல்வி என்று குறிக்கும். அதனால் 200 தேடல்களைக் குலுக்கி எடுத்து, ஆள் வைத்துப் படித்து, நிரலின் தீர்ப்போடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

சந்தேகம் தீராவிட்டால் நூற்றில் ஐந்து பேருக்குப் பெட்டியை மறைத்துப் பாருங்கள். கிளிக்கை ஒப்பிடாதீர்கள், அது அங்கே கூடத்தான் செய்யும். மாற்றித் தட்டும் விகிதத்தை ஒப்பிடுங்கள். பெட்டி உள்ளவர்களிடம் அது குறைவாக இருந்தால் பெட்டி வேலை செய்கிறது.

இத்தனைக்கும் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. பெட்டியில் நேற்றைய நீர்மட்டம் இருந்தாலும் பார்த்தவர் நம்பிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். பதிவேட்டில் அதுவும் நல்ல கைவிடல் போலவேதான் விழும். இதைப் பயனர் நடத்தையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அளவு எடுத்த தேதியையும் நேரத்தையும் பெட்டியிலேயே காட்டிவிட்டு, காலை 8 மணி நிலவரம் வந்த பிறகும் பழைய எண் நின்றால் பெட்டி தானே மறையும்படி செய்ய வேண்டும்.