பொற்கோயில் லங்கரில் சேவா கட்டாயமா?

“அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கரில் சாப்பிட்டால் சேவா செய்தே ஆக வேண்டும்; முடியாதவர்கள் பணம் கட்ட வேண்டும்” என்று சிலர் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு விதி இல்லைங்க. லங்கர் என்பது குருத்வாராவின் பொது உணவுக்கூடம், அங்கே சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். சேவா, அதாவது தொண்டு, அவரவர் விருப்பம். பூண்டு உரிக்கலாம், ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் கழுவலாம். சாப்பிடாமலே வந்து செய்பவர்களும் உண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புபவர்களும் உண்டு.

அங்கே உண்டியல் இருப்பது உண்மைதான். கோலக் என்பார்கள். அது காணிக்கைக்கு, சாப்பாட்டுக் கட்டணம் அல்ல. தட்டைக் கழுவுமிடத்தில் கொடுக்கச் சொல்கிறார்களே என்று கேட்டால்: சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்க் கொடுப்பது எல்லோரும் செய்வது, அதைக் கட்டாய சேவாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நின்று கழுவலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள்.

சரிபார்க்க விரும்பினால், பொற்கோயிலை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி வெளியிடும் ‘சீக்கிய ரெஹத் மர்யாதா’ என்ற சீக்கியர் நடத்தை விதித் தொகுப்பில் லங்கர் பகுதியைப் பாருங்கள். இணையத்தில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. சாதி, மதம், நாடு பார்க்காமல் யாரையும் பங்கத்தில், அதாவது ஒரே வரிசையில், உட்கார வைக்க வேண்டும் என்கிறது. சேவாவை சீக்கியர்களுக்கான பயிற்சியாகத்தான் பேசுகிறது, விருந்தாளிக்கான நிபந்தனையாக அல்ல.

முதல்முறை போகிறவர்கள் தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். ரொட்டியை இரு கைகளையும் நீட்டி வாங்குங்கள். வீணாக்குவதுதான் அங்கே முகம் சுளிக்க வைக்கும். கொஞ்சமாக வாங்கினால் போதும், பரிமாறுபவர்கள் மறுபடியும் வருவார்கள்.