“வேலை உறுதி” என்று எழுத மாட்டேன் என்றேன், அண்ணாச்சி இரண்டு நாள் பேசவில்லை

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கிராஷ் கோர்ஸுக்குப் போஸ்டர் அடிக்க வேண்டும், கூடவே முகநூலில் போட நாலு வரி கேப்ஷன். நான் கணக்குப் பாடம் எடுக்கும் பயிற்சி மையத்தில் இந்த மாதிரி எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். மையத்தை நடத்துகிற அண்ணாச்சி ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்: “42 நாளில் அரசு வேலை உறுதி! 100% தேர்ச்சி! 180 கேள்விகள் நேரடியாக எங்கள் நோட்ஸிலிருந்து! கடைசி 5 இடங்கள் மட்டுமே!”

நாலு வரியில் நாலும் வில்லங்கம். முதல் வரியைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மற்ற மூன்றும் நிஜம் போலவே இருக்கும், அதனால் அவைதான் எனக்குப் பயம்.

“100% தேர்ச்சி” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒன்றரை. குறைந்தபட்சத் தகுதி 90 மதிப்பெண். அதாவது 60 கேள்வி சரியாக இருந்தால் போதும். தமிழ்ப் பகுதியில் மட்டும் 150க்கு 60 எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஓரளவு படித்த பிள்ளைகள் இருபது பேரை உட்கார வைத்தால் இருபது பேரும் 90 தாண்டிவிடுவார்கள். ஆக, “100% தேர்ச்சி” என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. ஆனால் வேலை கிடைப்பது 90க்கு வெகு மேலே. அந்த வரியைப் படிக்கிற அப்பாவுக்கு அது தெரியாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மாதிரி நினைத்துக்கொண்டு பணம் கட்டுவார்.

அடுத்தது “180 கேள்விகள் எங்கள் நோட்ஸிலிருந்து.” எங்கள் தொழிலில் இதை விடச் சுலபமான வித்தை கிடையாது. கேள்விகளில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களிலிருந்து. நோட்ஸ் எங்கிருந்து வருகிறது? அதே புத்தகங்களிலிருந்து. தேர்வு முடிந்த அன்று இரவு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து வினாத்தாளையும் நோட்ஸையும் வைத்துப் பென்சிலால் டிக் அடிப்போம். “சிலப்பதிகாரத்தை இயற்றியவர் யார்” என்று நோட்ஸில் ஒரு வரி இருந்து, தேர்வில் சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு டிக். ஊரில் உள்ள எல்லா மையமும் இதே டிக்கை அடித்துக்கொண்டிருக்கும். கடையில் வாங்கிய புத்தகத்தைத் தனியாக வீட்டில் படித்தவனும் அடிக்கலாம். ஒரு நோட்ஸில் எத்தனை கேள்வி “இருந்தது” என்பதை வைத்து, அதைப் படித்த பிள்ளை எத்தனை போட்டது என்று சொல்ல முடியாது. பிள்ளை போட்ட கணக்கை மட்டும் யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

சரி, முதல் வரிக்கு வருவோம். வேலை உறுதி என்று ஏன் சொல்ல முடியாது? மாணவன் நன்றாகப் படிக்காமல் போகலாம் என்பது மட்டும் காரணம் என்றால், “நன்றாகப் படித்தால் உறுதி” என்று எழுதிவிட்டுப் போகலாமே. அப்படியும் எழுத முடியாது. 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது 6,244 இடங்கள். சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜூன் 9ஆம் தேதி தேர்வு முடிந்த பிறகும் இடங்களைப் பலமுறை கூட்டினார்கள். 2025 அறிவிப்பில் இடங்கள் 3,935. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 165 கேள்வியைச் சரியாகப் போடுகிற ஒரு பெண், அதாவது 247.5 மதிப்பெண் எடுக்கிறவள், ஒரு வருடம் உள்ளே இருப்பாள், இன்னொரு வருடம் வெளியே நிற்பாள். அவள் படித்தது இரண்டு வருடமும் ஒன்றுதான். அதற்கு மேல் வகுப்புவாரியாக இடம் பிரிக்கும் இனச் சுழற்சி, பெண்களுக்கான 30 விழுக்காடு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு என்று ஒவ்வொரு வரிசையிலும் கட் ஆஃப் தனித்தனி. ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு தோழிகளில் ஒருத்திக்கு ஆணை வருகிறது, மற்றவளுக்கு வருவதில்லை. நான் நேரில் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணில் பாதியாவது எங்கள் வகுப்பின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தரவரிசையும் தேர்வாவதும் எங்கள் கையில் துளியும் இல்லை.

இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, “எல்லாரும்தான போடுதான்? நாம மட்டும் போடலன்னா எவன் வருவான்?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிர்த்தெருவில் பத்தடி பேனரில் “உறுதி” என்று இருக்கும்போது நம் பேனரில் “முயற்சிக்கு உதவுவோம்” என்றிருந்தால் யார் ஏறிட்டுப் பார்ப்பார்கள்? அதனால்தான் மழுப்பலாக எழுதுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. உறுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் “வெற்றிப் பாதை”, “கனவை நனவாக்குவோம்” என்று நிரப்புவதும் அதே பொய்யின் நீர்த்த வடிவம்தான். வேலை ஆணையைக் கையில் பிடித்துச் சிரிக்கிற பெண்ணின் படத்தைப் பின்னால் போட்டுவிட்டு, கேப்ஷனில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டால் படம் சொல்லிவிடுமே.

சட்டமும் இப்போது இதைத்தான் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே விளம்பர வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தேர்வாவது உறுதி, மதிப்பெண் உறுதி என்று போடக் கூடாது. இல்லாத அவசரத்தை உண்டாக்கக் கூடாது. “கடைசி 5 இடங்கள்” அங்கேயே அடிபட்டுப் போகிறது. (எங்கள் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி தீர்ந்தால் பக்கத்துப் பந்தல் கடையில் வாடகைக்கு எடுப்போம். கடைசி 5 இடமாம்!) ஜெயித்தவர் படத்தைப் போட வேண்டுமென்றால் அவர் தேர்வான பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சேரும்போதே விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. படத்துக்குப் பக்கத்திலேயே அவர் எந்தக் கோர்ஸில் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதும் இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் முதல் தடவையே 10 லட்சம் வரை போகலாம். இந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் அண்ணாச்சி மறுபடி என்னிடம் பேச ஆரம்பித்தார்.

அந்தக் கோர்ஸ் விஷயம் எங்களையே சுட்டது. யுபிஎஸ்சி பக்கம் இலவச நேர்முகப் பயிற்சிக்கு வந்தவர்களை எல்லாம் தங்கள் மாணவர் என்று பெரிய மையங்கள் போட்டுக்கொண்டதைத்தான் ஆணையம் பிடித்தது. எங்கள் வாசல் பேனரில் 11 பேர் படம் இருக்கிறது. நான் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். போன தடவை கிராஷ் கோர்ஸில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 58. கடைசி வாரம் வரை வந்தவர்கள் 41. வேலை கிடைத்தது 4 பேருக்கு, அதிலும் 3 பேர் அதற்கு முன்பே ஒரு தடவையாவது எழுதியவர்கள். பேனரில் உள்ள மீதி 7 பேர்? ஞாயிற்றுக்கிழமை இலவச மாதிரித் தேர்வுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து போனவர்கள். அதில் ஒருவரை எனக்கு முகமே ஞாபகமில்லை.

58க்கு 4. இதைப் போடலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் 4 என்ற எண்ணைப் போட வேண்டுமென்றால் 58 பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கீழே உள்ள எண் இல்லாமல் மேலே உள்ள எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, நான் கணக்கு வாத்தியார், இதையாவது என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன்.

எதைச் சொல்லலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: முதல் வகுப்பிலிருந்து தேர்வு நாளைக்கு முந்திய சாயங்காலம் வரை நாங்கள் செய்யப்போகிறதை மட்டும் சொல்வது. அதில் சொன்னபடி நடக்கவில்லை என்றால் மாணவர் எங்களைப் பிடித்துக் கேட்கலாம். 42 நாளில் ஆறு ஞாயிறு முழுத்தேர்வுக்கு. மீதி 36 நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் 90 மணி நேரம். அதில் கணக்குக்கு 24 மணி நேரம் கேட்டு வாங்கினேன். விழுக்காடு, மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும். ஒரு தடவை பார்த்தவனுக்குத் திருப்பிப் பார்க்க இந்த நேரம் போதும். கூட்டுவட்டியை முதன்முதலாக என்னிடம்தான் கேட்கிறான் என்றால் போதவே போதாது. அதனால் அதையும் எழுதச் சொன்னேன். “கடவாசல்ல நின்னுக்கிட்டு வராதீயன்னு எவனாவது சொல்லுவானா?” என்று கேட்டார். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் அவனே நின்றுவிடுவான், அந்த 17 பேர் அப்படித்தான் போனார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார்.

கடைசியில் போட்டது இது:

“குரூப் 4: 42 நாள் திருப்புதல் வகுப்பு.
திங்கள் முதல் சனி வரை மாலை 6 – 8.30. ஞாயிறுதோறும் 200 கேள்வி முழுத்தேர்வு, அன்றே விடைத்தாளோடு விளக்கம்.
பாடத்திட்டத்தை ஏற்கெனவே ஒரு முறையாவது படித்தவர்களுக்கானது. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இந்த 42 நாள் போதாது. நேரில் வாருங்கள், வேறு வழி பேசுவோம்.
சென்ற முறை சேர்ந்தவர்கள் 58. வேலை பெற்றவர்கள் 4.
தேர்வாவதும் தரவரிசையும் காலியிடம், இட ஒதுக்கீடு, மற்றவர்கள் மதிப்பெண் ஆகியவற்றைப் பொறுத்தவை. அவற்றுக்கு நாங்கள் உறுதி தருவதில்லை.
முதல் மூன்று வகுப்புக்குள் விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும்.”

உறுதி தருவதில்லை என்ற வரியைப் பொடி எழுத்தில் அடியில் தள்ளிவிடலாம் என்றார் போஸ்டர் அடிக்கிற தம்பி. மறுப்பு வாசகமும் மற்ற வரிகளின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று அந்த நெறிகளிலேயே இருக்கிறது, அதே எழுத்தில் போடு என்றேன். கட்டணம் திருப்பும் வரியில் அண்ணாச்சி “வேலை கிடைக்காவிட்டால்” என்று மாற்றப் பார்த்தார். அது சுற்றி வந்து அதே உறுதிதான். மூன்று வகுப்பு என்றால் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க அவகாசம், அவ்வளவுதான்.

வாசல் பேனரில் 7 படத்தின் மேல் இப்போது வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. புதுப் பேனர் மாசக் கடைசியில்தான் என்கிறார்.

போஸ்ட் போட்ட அன்று மாலை முதல் போன் வந்தது. யாரோ ஒரு அம்மா. வேலை கிடைக்குமா என்று கேட்பார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“சார், எட்டரைக்கு விடுதிய, எங்க ஊருக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்குல்லா. பிள்ளைய ஒரு அரை மணி முன்னால விடுவியளா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு ஐந்தரைக்கே ஆரம்பம்.